வாயு விரிந்தால் எவ்வளவு வேலை? மீள் விரிவும் வெற்றிட விரிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கும் பி.எஸ்சி. முதலாண்டு மாணவர்களுக்கும் வெப்ப இயக்கவியல் எடுத்து வருகிறேன். இந்தப் பாடத்தில் அதிகம் பேர் தடுமாறும் இடம் ஒன்றுதான்: வெப்பநிலை மாறாமல் நடக்கும் மீள் விரிவு, வெற்றிடத்துக்குள் நடக்கும் தடையில்லாத விரிவு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இடம். வகுப்பில் வந்த கேள்விகளைக் கேட்டபடியே தருகிறேன். எல்லாப் பதில்களிலும் ஒரே கணக்குதான் ஓடும். 1 மோல் நல்லியல்பு வாயு, 27 °C அதாவது 300 K, கனஅளவு 10 லிட்டரிலிருந்து 20 லிட்டர் ஆகிறது. RT-யின் மதிப்பு 2494 ஜூல். தொடக்க அழுத்தம் 249.4 கிலோபாஸ்கல், முடிவில் அதில் பாதி, 124.7. வாயு செய்யும் வேலை மீள் விரிவில் 1729 ஜூல், வெற்றிட விரிவில் பூஜ்யம்.

சார், ரெண்டுலயும் வெப்பநிலை மாறலை. ரெண்டுலயும் 10 லிட்டர் 20 லிட்டர் ஆகுது. அப்புறம் ஏன் ஒண்ணுல 1729 ஜூல், இன்னொண்ணுல பூஜ்யம்?

வாயு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று மட்டும் சொன்னால் வேலையைக் கணக்கிட முடியாது. அது வெளியில் எதைத் தள்ளிக்கொண்டு விரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மீள் விரிவில் ஒவ்வொரு கணமும் வாயுவின் அழுத்தத்துக்கு ஏறக்குறையச் சமமான ஓர் எதிர்ப்பு வெளியில் இருக்கிறது. வாயு அந்த எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டே நகர்கிறது. வெற்றிடத்தில் எதிரே ஒன்றுமே இல்லை. தள்ளுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் வேலையும் இல்லை.

அக ஆற்றல், என்ட்ரோபி போன்றவற்றுக்கு இந்தக் கவலை கிடையாது. அவை நிலையைப் பொறுத்தவை, வந்த வழியைக் கேட்பதில்லை. வேலையும் வெப்பமும் வழியைப் பொறுத்தவை. நம் கணக்கில் இரண்டு வழியிலும் அக ஆற்றல் மாற்றம் பூஜ்யம், ஏனென்றால் நல்லியல்பு வாயுவின் அக ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது. ஆகவே மீள் விரிவில் வாயு 1729 ஜூல் வேலை செய்தால் அதே 1729 ஜூல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெற்றிட விரிவில் வேலையும் பூஜ்யம், வெப்பமும் பூஜ்யம்.

எதைத் தள்ளுதுன்னு கண்ணால பாக்குற மாதிரி ஒரு அமைப்பு சொல்லுங்க சார்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்வது நிமிர்ந்து நிற்கும் ஓர் உருளையும் மணலும். உருளையின் குறுக்குப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். 10 லிட்டர் வாயு இருக்கும்போது பிஸ்டன் தரையிலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில் நிற்கும். 20 லிட்டர் ஆனதும் 2 மீட்டரில் நிற்கும். பிஸ்டனுக்கு எடை இல்லை, உராய்வு இல்லை. மேலே காற்றும் இல்லை, முழு அமைப்பையும் காற்று நீக்கிய அறைக்குள் வைத்திருக்கிறோம். உருளையைச் சுற்றி 27 °C-இல் நிறையத் தண்ணீர். பிஸ்டனைக் கீழே அழுத்தி வைத்திருப்பது மணல் மட்டும்தான்.

எவ்வளவு மணல்? 249.4 கிலோபாஸ்கல் அழுத்தம் 100 சதுர சென்டிமீட்டரில் 2494 நியூட்டன் விசை தருகிறது. சென்னை நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதால் இங்கே g ஏறக்குறைய 9.78. எனவே 255 கிலோ மணல் வேண்டும். முடிவில் அழுத்தம் பாதியாகும்போது பிஸ்டன்மேல் 127.5 கிலோதான் இருக்க முடியும். அப்படியென்றால் வாயு 20 லிட்டருக்குப் போக, நாம் 127.5 கிலோ மணலை எடுத்தாக வேண்டும். கேள்வி, எப்படி எடுக்கிறோம் என்பதுதான்.

முதல் வழி, 127.5 கிலோவையும் ஒரே தள்ளாகப் பக்கவாட்டில் தள்ளிவிடுவது. அந்த மணல் 1 மீட்டர் உயரத்திலேயே, பக்கத்துத் தட்டில் தங்கிவிடும். மீதி 127.5 கிலோவோடு பிஸ்டன் மேலே பாயும், கொஞ்சம் ஆடும், பிறகு 2 மீட்டரில் அடங்கும். இப்போது கணக்குப் பாருங்கள். 127.5 கிலோ 1 மீட்டர் உயர்ந்திருக்கிறது, அதாவது 1247 ஜூல். நீக்கிய மணலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டாவது வழி, ஒவ்வொரு மணலாக எடுப்பது. மெரினா மணலில் ஒரு துகளை எடுத்து, அந்த நொடியில் பிஸ்டன் நிற்கும் உயரத்திலேயே பக்கத்துத் தட்டில் வைக்கிறோம். பிஸ்டன் ஒரு துளி மேலே போகும். அடுத்த துகள், அதற்கான தட்டு ஒரு துளி உயரத்தில். இப்படியே கடைசிவரை. முடிவில் பிஸ்டன்மேல் இருக்கும் 127.5 கிலோ முன்போலவே 1 மீட்டர் ஏறியிருக்கும், அது 1247 ஜூல். ஆனால் எடுத்த 127.5 கிலோவும் இந்தமுறை சும்மா இல்லை. அது 1 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் நடுவே தட்டுத் தட்டாக ஏறி நிற்கிறது. சராசரியாக ஒவ்வொரு துகளும் சுமார் 39 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். அதன் பங்கு 482 ஜூல். இரண்டையும் கூட்டினால் 1729.

மூன்றாவது வழி, 255 கிலோவையும் ஒரேயடியாகத் தள்ளிவிடுவது. எடையே இல்லாத பிஸ்டன் மேலே போய் 2 மீட்டரில் இருக்கும் தடுப்பில் நிற்கும். எந்த மணலும் ஒரு மில்லிமீட்டர்கூட உயரவில்லை. வேலை பூஜ்யம். இதுதான் வெற்றிட விரிவு.

ஃபார்முலால ln எங்கிருந்து வருது? தனித்தனியா எடுத்தா கூடுதல் வேலைன்னு சொல்றீங்க, ஆனா எல்லையே இல்லாம கூடிக்கிட்டே போகாதா?

போகாது. படிகளை எண்ணிப் பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு படியிலும் கனஅளவு ஒரே விகிதத்தில் பெருகும்படி மணலைப் பிரித்து எடுக்கிறோம் என்று வையுங்கள். ஒரு படியில் வேலை என்பது, அந்தப் படியின் முடிவில் இருக்கும் அழுத்தத்தைக் கனஅளவு மாற்றத்தால் பெருக்கினால் வருவது. ஏனென்றால் மணலை எடுத்த பிறகு வெளி அழுத்தம் அந்த இறுதி மதிப்பில்தான் நிற்கிறது.

ஒரே படியில் 1247 ஜூல். இரண்டு படியில், 10-லிருந்து 14.14 லிட்டர், அங்கிருந்து 20 லிட்டர், படிக்கு 730.5 ஜூல் வீதம் மொத்தம் 1461. நான்கு படியில் 1587. நூறு படியில் 1723. படிகள் கூடக் கூட ஏற்றம் சுருங்கிக்கொண்டே வந்து 1728.8-இல் போய் ஒட்டுகிறது. அந்த எல்லை மதிப்புதான்

W = nRT ln(V₂/V₁) = 2494 × 0.6931 = 1728.8 ஜூல்.

இந்தச் சமன்பாட்டைப் பெறும்போது நாம் செய்யும் ஒரே முக்கியமான காரியம், வெளி அழுத்தத்தின் இடத்தில் nRT/V என்று வாயுவின் அழுத்தத்தை எழுதுவது. இரண்டும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்கும்போதுதான் அப்படி எழுத உரிமை உண்டு. ln வருவது 1/V-ஐத் தொகைப்படுத்துவதால். அந்த உரிமை இல்லாத இடத்தில் ln-க்கும் இடமில்லை.

வெற்றிடத்துக்குள்ள போகும்போதும் வாயுவுக்கு அழுத்தம் இருக்கே சார். P dV போட்டா பூஜ்யம் வராதே?

P dV-யில் வரும் P எது என்பதுதான் இங்கே விஷயம். வேலை என்பது சுற்றுப்புறம் பெற்றதா, கொடுத்ததா என்ற கணக்கு. அதற்கு வெளி அழுத்தத்தைப் போட வேண்டும். வெளியில் வெற்றிடம் என்றால் அது பூஜ்யம், கனஅளவு எவ்வளவு மாறினாலும் பெருக்கல் பூஜ்யம்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. வாயுவுக்கும் வெற்றிடத்துக்கும் நடுவில் இருக்கும் திறப்பைத் திறந்ததும் வாயு பீறிட்டுப் போகிறது. திறப்பின் பக்கம் அழுத்தம் குறைவு, பின்னால் அதிகம், நடுவில் சுழல்கள். அந்த நேரத்தில் “வாயுவின் அழுத்தம்” என்று ஒற்றை எண் சொல்ல முடியாது. அதனால்தான் P-V வரைபடத்தில் வெற்றிட விரிவுக்குக் கோடு போடக் கூடாது. தொடக்கப் புள்ளி, இறுதிப் புள்ளி இரண்டை மட்டும் குறியுங்கள். சில குறிப்பேடுகளில் புள்ளிகளுக்கு நடுவே வழக்கமான சமவெப்பக் கோட்டை இழுத்து, அதன் கீழ் இருக்கும் பரப்பு பூஜ்யம் என்று எழுதியிருப்பார்கள். கோடு இருந்தால் பரப்பும் இருக்கும். மாணவர் குழம்புவது இங்கேதான்.

பின்னாடி இருக்குற வாயு முன்னாடி போற வாயுவைத் தள்ளுமே? அது வேலை இல்லையா?

நல்ல கேள்வி. தள்ளத்தான் செய்கிறது. ஆனால் தள்ளுவதும் தள்ளப்படுவதும் ஒரே வாயுவின் இரண்டு பகுதிகள். முழு வாயுவையும் அமைப்பாக எடுத்துக்கொண்டால் அந்தக் கொடுக்கல் வாங்கல் உள்ளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பின்பகுதி வேலை செய்து குளிர்கிறது. முன்பகுதி வேகம் பெற்றுப் பாய்கிறது, பிறகு அந்த ஓட்டம் சுவரில் மோதி, சுழன்று, அடங்கிச் சூடாகிறது. மொத்தத்தில் வெப்பநிலை பழைய இடத்துக்கே வருகிறது.

இதை ஜேம்ஸ் ஜூல் 1845-இல் வெளியிட்ட சோதனையில் தனியாகவே காட்டினார். இரண்டு செம்புக் கலன்கள். ஒன்றில் ஏறக்குறைய 22 வளிமண்டல அழுத்தத்தில் காற்று, மற்றதில் வெற்றிடம், நடுவில் திறப்பு. இரண்டையும் ஒரே தண்ணீர்த் தொட்டியில் வைத்துத் திறந்தபோது தண்ணீரின் வெப்பநிலையில் மாற்றம் தெரியவில்லை. பிறகு கலன்களைத் தனித்தனித் தொட்டிகளில் வைத்துத் திறந்தார். காற்று வெளியேறிய கலனின் பக்கம் தண்ணீர் குளிர்ந்தது, காற்று புகுந்த கலனின் பக்கம் சூடானது. உள்ளே நடந்த தள்ளுமுள்ளு அங்கே தெளிவாகத் தெரிகிறது.

மூணாவது வழியில பிஸ்டனுக்குக் கொஞ்சம் எடை இருந்தா? அது பறந்து போய் தடுப்புல மோதுமே.

அப்போது விடை, நீங்கள் எதை அமைப்பு என்று எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாயு மட்டும் அமைப்பு என்றால், அது பிஸ்டனை வேகப்படுத்தியதும் ஒரு வேலைதான். பிஸ்டன் தடுப்பில் மோதியதும் அந்த இயக்க ஆற்றல் வெப்பமாகி, பிஸ்டன், சுவர் வழியே வாயுவுக்கும் சுற்றியுள்ள தண்ணீருக்கும் போகிறது. வாயு, பிஸ்டன், உருளை மூன்றும் சேர்ந்தது அமைப்பு என்றால் வெளியில் எதுவும் உயரவில்லை, வேலை பூஜ்யம். எல்லாம் அடங்கி 27 °C-க்கு வந்தபின் நிகர வெப்பமும் பூஜ்யம். பாடநூல் கேள்விகளில் இந்தச் சிக்கல் வராமல் இருக்கத்தான் பிஸ்டனுக்குப் பதிலாக நடுச்சுவர், மெல்லிய தகடு, திறப்பு என்று எழுதுகிறார்கள்.

மெதுவா நடந்தா அது மீள் நிகழ்வுதானே சார்?

இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இரண்டு குடுவைகளை எடுங்கள். ஒன்றில் வாயு, மற்றதில் வெற்றிடம். நடுவில் இருக்கும் சுவரில் ஊசி முனையை விடச் சின்னதாக ஒரு துளை. வாயு கசிந்து இரண்டு பக்கமும் சமமாக ஒரு நாள்கூட ஆகலாம். ஒவ்வொரு கணமும் ஒவ்வொரு குடுவைக்குள்ளும் அழுத்தம் சீராகவே இருக்கும். எவ்வளவு மெதுவானாலும் வேலை பூஜ்யம், இது மீளா நிகழ்வு. துளையின் இரண்டு பக்கமும் அழுத்த வேறுபாடு பெரிதாக இருக்கிறது, அதைப் பயன்படுத்தி எந்த எடையும் ஏற்றப்படவில்லை. வெளியில் ஏதோ ஒரு சிறு மாற்றம் செய்தால் வாயு துளை வழியே திரும்பிப் போகுமா என்று கேளுங்கள். போகாது.

மணல் உருளையில் அப்படியில்லை. எந்தக் கணத்திலும் ஒரு துகளைத் திரும்ப வைத்தால் பிஸ்டன் கீழே இறங்கும். தட்டுகளில் இருக்கும் மணலைப் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்தி வைத்தே வாயுவைப் பழைய 10 லிட்டருக்குக் கொண்டுவந்துவிடலாம். எல்லா மணலும் பழையபடி 1 மீட்டரில் இருக்கும். தண்ணீர் தான் கொடுத்த 1729 ஜூலைத் திரும்பப் பெற்றிருக்கும். எங்கும் எந்தத் தடயமும் இல்லை.

இதிலும் பிஸ்டன் உருளையோடு உரசினால் கதை கெட்டுவிடும். உராய்வுள்ள பிஸ்டனை ஆமை வேகத்தில் நகர்த்தினாலும், போகும்போது வேலையில் ஒரு பங்கு வெப்பமாகிவிடும், திரும்பி வரும்போது கூடுதல் வேலை கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே மீள் நிகழ்வுக்கு மெதுவாக நடப்பது தேவை. அதோடு ஒவ்வொரு கணமும் சமநிலை இருக்க வேண்டும், உராய்வும் இருக்கக் கூடாது.

எவ்வளவு மெதுவா இருக்கணும்? ஒரு நிமிஷம் போதுமா?

இதில் இரண்டு காலங்கள் உண்டு. அழுத்தம் சமமாவது ஒலியின் வேகத்தில் நடக்கிறது. 1 மீட்டர் உயர உருளையில் அதற்குச் சில மில்லிநொடி போதும். வெப்பம் சமமாவதுதான் தாமதம். நம் உருளையின் ஆரம் 5.6 சென்டிமீட்டர். சுவரிலிருந்து வெப்பம் காற்று போன்ற வாயுவின் நடுப்பகுதிவரை கடத்தலால் மட்டும் போய்ச்சேர சில பத்து நொடிகள் ஆகும்.

பிஸ்டன் ஒரே நொடியில் 1 மீட்டர் நகர்ந்தால், அழுத்தத்தைப் பொறுத்தவரை அது நிதானமான வேகம்தான், ஆனால் வெப்பம் உள்ளே வரவே நேரமிருக்காது. வாயு குளிரும். முழுக்க வெப்பம் தடைப்பட்டால் நைட்ரஜன் மாதிரியான வாயு 300 K-லிருந்து 227 K வரை இறங்கிவிடும். வேலையும் 1729-க்குப் பதில் சுமார் 1510 ஜூல்தான் கிடைக்கும். அதனால் ஒரு நிமிடம் கொஞ்சம் அவசரம். அரை மணி நேரம் எடுத்துக்கொண்டால் 1729-க்கு மிகவும் நெருங்கலாம். எவ்வளவு நேரம் எடுத்தாலும் சரியாக 1729 என்ற எண்ணைத் தொட முடியாது, அது எல்லை மதிப்பு.

வெற்றிடத்துல விரியும்போது வாயு ஏன் குளிரலை?

மூலக்கூறுகளின் பக்கம் போய்ப் பாருங்கள். 300 K-இல் நைட்ரஜன் மூலக்கூறுகள் நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. பின்வாங்கிப் போகும் பிஸ்டனில் மோதும் மூலக்கூறு, மோதிய வேகத்தை விடக் கொஞ்சம் குறைந்த வேகத்தில் திரும்புகிறது. அந்த இழப்புதான் மணலுக்குப் போகும் வேலை. மீள் விரிவில் அந்த இழப்பைத் தண்ணீரிலிருந்து வரும் வெப்பம் உடனுக்குடன் ஈடுகட்டுகிறது.

வெற்றிட விரிவில் பின்வாங்கும் சுவரே கிடையாது. மூலக்கூறு காலியிடத்துக்குள் அதே வேகத்தில் போகிறது, நகராத சுவரில் மோதி அதே வேகத்தில் திரும்புகிறது. நல்லியல்பு வாயுவில் மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பு இல்லாததால், ஒன்றை விட்டு ஒன்று விலகிப் போகவும் ஆற்றல் செலவில்லை.

நிஜ வாயுக்களில் அந்த ஈர்ப்பு உண்டு, அதனால் கொஞ்சம் குளிரும். நம் கணக்கிலேயே நல்லியல்பு வாயுவுக்குப் பதில் நைட்ரஜனைப் போட்டு வான் டெர் வால்ஸ் சமன்பாட்டின்படி பார்த்தால், வெப்பம் உள்ளே வராத கலனில் குளிர்ச்சி 0.3 K அளவுதான். கார்பன் டை ஆக்சைடில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜூலின் தண்ணீர்த் தொட்டியில் இது தெரியாமல் போனதில் வியப்பில்லை. வாயுவை விடச் செம்புக்கும் தண்ணீருக்கும் வெப்பக் கொள்ளளவு மிக அதிகம், சின்னக் குளிர்ச்சியை அவை விழுங்கிவிடும். இதை ஒப்பிட ஓர் எண்: நம் மீள் விரிவில் 1729 ஜூல் முழுவதையும் 10 லிட்டர் தண்ணீரிலிருந்து எடுத்தால்கூட அந்தத் தண்ணீர் 0.04 டிகிரிதான் குளிரும்.

என்ட்ரோபி மாற்றம் மட்டும் ஏன் ரெண்டுலயும் ஒண்ணா எழுதுறோம்?

வாயுவின் என்ட்ரோபியும் நிலையை மட்டுமே பொறுத்தது. இரண்டு வழியிலும் தொடக்கமும் முடிவும் ஒன்று, எனவே இரண்டிலும் R ln 2 = 5.76 ஜூல்/கெல்வின். வெற்றிட விரிவுக்கு இதைக் கணக்கிட, அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு மீள் வழியைக் கற்பனையாகப் போட்டுக்கொள்கிறோம். அந்தக் கற்பனை வழியின் வெப்பமான 1729 ஜூலை, உண்மையில் நடந்த வெற்றிட விரிவின் வெப்பம் என்று எழுதிவிடாதீர்கள். தேர்வுத்தாளில் அடிக்கடி பார்க்கும் பிழை இது.

வேறுபாடு சுற்றுப்புறத்தில்தான் இருக்கிறது. துகள் துகளாக எடுத்தபோது தண்ணீர் 1729 ஜூல் கொடுத்து 5.76 இழந்தது, மொத்தம் பூஜ்யம். பாதி மணலை ஒரே தள்ளாக எடுத்தபோது தண்ணீர் 1247 ஜூல் கொடுத்து 4.16 இழந்தது, மொத்தத்தில் 1.61 கூடியது. வெற்றிட விரிவில் தண்ணீர் எதையும் இழக்கவில்லை, 5.76 முழுவதும் கூடுதல்.

இப்போது இந்தக் கூடுதல்களை 300 K-ஆல் பெருக்குங்கள். 1.61-க்குச் சுமார் 482 ஜூல் வரும். தட்டுகளில் ஏறாமல் போன அந்த மணலின் பங்கும் அதே 482. வெற்றிட விரிவுக்கு 1729 ஜூல் வரும், அதுவும் கிடைத்திருக்கக்கூடிய முழு வேலை. என்ட்ரோபி கூடிய அளவுக்கு எவ்வளவு மணல் ஏறாமல் போனது என்று நேராகவே சொல்லிவிடலாம். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வெற்றிட விரிவில் 1729 ஜூல் “வீணானது” என்றால் அது வேறெங்கோ வெப்பமாகிக் கிடக்கிறது என்று தேடாதீர்கள். ஆற்றல் எங்கும் போகவில்லை, தண்ணீரிலேயே இருக்கிறது. அதை வேலையாக எடுக்கும் வாய்ப்புதான் போனது. வாயுவைப் பழைய 10 லிட்டருக்கு 27 °C-இலேயே கொண்டுவர, இப்போது நாம் குறைந்தது 1729 ஜூல் வேலை கொடுத்தாக வேண்டும். அது முழுவதும் வெப்பமாகத் தண்ணீருக்குப் போகும்.

மீள் விரிவுல வெப்பம் முழுசா வேலையாகுது. இரண்டாம் விதி அதைத் தடுக்கலையா?

தடுக்கவில்லை. இரண்டாம் விதி தடுப்பது, வேறெந்த மாற்றமும் இல்லாமல் ஒரே வெப்ப மூலத்திலிருந்து எடுத்ததை முழுக்க வேலையாக்கும் சுழற்சியை. இங்கே வாயு 20 லிட்டராகிவிட்டது, அதுதான் அந்த வேறு மாற்றம். வாயுவைத் திரும்ப 10 லிட்டருக்குக் கொண்டுவந்தால் 1729 ஜூலும் போய்விடும்.

பரீட்சைல இந்தக் கணக்கு வந்தா முதல்ல எதைப் பாக்கணும்?

“வெற்றிடம்”, “வெளி அழுத்தம் பூஜ்யம்”, “தடையில்லாத விரிவு” ஆகிய சொற்களில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மோல் எத்தனை, கனஅளவு எத்தனை மடங்கு, வெப்பநிலை எவ்வளவு என்பதெல்லாம் வேலைக்குத் தேவையில்லை, விடை பூஜ்யம். “வெப்பநிலை மாறாமல்” என்ற சொல்லைக் கண்டதும் ln ஃபார்முலாவுக்குத் தாவுவதுதான் பொறி. அந்த ஃபார்முலாவுக்கு “மீள்” என்ற சொல்லும் கூடவே வேண்டும். “1 வளிமண்டல மாறா வெளி அழுத்தத்துக்கு எதிராக” என்று இருந்தால் வெளி அழுத்தத்தைக் கனஅளவு மாற்றத்தால் பெருக்குங்கள், அவ்வளவுதான். லிட்டர்-வளிமண்டலத்தில் விடை வந்தால் 101.3-ஆல் பெருக்கி ஜூலாக்க மறக்க வேண்டாம்.

குறியில் கவனம் தேவை. இயற்பியல் புத்தகத்தில் வாயு செய்யும் வேலை நேர்க்குறி, நம் விடை +1729. வேதியியல் புத்தகத்தில் அமைப்பின்மேல் செய்யப்படும் வேலை நேர்க்குறி, அங்கே −1729. அதேபோல் வேதியியலில் 2.303 nRT log(V₂/V₁) என்று எழுதுவார்கள். 2.303-ஐப் போட்டுவிட்டு ln 2-இன் மதிப்பான 0.693-ஐயும் போட்டால் விடை 3981 ஜூல் என்று வரும். log 2 என்பது 0.3010. விடை சரியா என்று சோதிக்க எளிய வழி உண்டு. மீள் வேலை எப்போதும் இறுதி அழுத்தத்தைக் கனஅளவு மாற்றத்தால் பெருக்கியதை விடக் கூடுதலாகவும், தொடக்க அழுத்தத்தால் பெருக்கியதை விடக் குறைவாகவும்தான் இருக்கும். நம் கணக்கில் அது 1247-க்கும் 2494-க்கும் நடுவே வர வேண்டும். 3981 அந்த எல்லைக்குள் இல்லை, அதனால் எங்கோ பிழை என்று உடனே தெரிந்துவிடும்.

மே மாசத்துல 40 டிகிரில இதே சோதனை செஞ்சா?

மீள் வேலை கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் கூடும். 313 K-இல் அதே 10-லிருந்து 20 லிட்டருக்கு 1804 ஜூல் கிடைக்கும், ஏனென்றால் அதே இடத்தில் அடைபட்ட வாயுவின் அழுத்தம் கூடியிருக்கும், தொடக்கத்தில் 266 கிலோ மணல் தேவைப்படும். வெற்றிட விரிவுக்கு மேயும் டிசம்பரும் ஒன்றுதான், பூஜ்யம்.